ஒரு வீடியோவுக்குப் பிறகு சப்ஸ்கிரைபர் குறைந்தால்: போனவர்கள் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி

தை மாதக் கடைசியில் வட்டக்கச்சியிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தான். வயல் வேலையோடு சேர்த்து யூடியூப் சனலும் நடத்துகிறவன். "அண்ணை, அறக்கொட்டி பற்றி ஒரு வீடியோ போட்டனான். ஒரு கிழமைக்குள்ள பதினைஞ்சு பேர் குறைஞ்சிட்டினம். ஆக்களுக்குப் பூச்சி, நோய் ஒண்டும் பிடிக்கேல்லைப் போல. இனி அந்த மாதிரி வீடியோ போடுறதை விடப்போறன்" என்றான்.

நான் அவசரப்பட வேண்டாம் என்றேன். அந்த வீடியோவை நானும் பார்த்திருந்தேன். நெற்கதிரை விலக்கி, பயிரின் அடித்தண்டில் மொய்த்திருக்கும் பூச்சியைக் கிட்டக் காட்டி, வயல் வட்டம் வட்டமாகக் கருகுவதற்கு முன்பே அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவன் சொன்ன விதம் அருமை. அந்தப் போகத்தில் கிளிநொச்சியில் வயல் செய்த எவருக்கும் அது பயன்படும். பிறகு ஏன் ஆட்கள் போனார்கள்? அதைத்தான் இரண்டு பேரும் இருந்து எண்களைப் பார்த்துக் கண்டுபிடித்தோம். அன்று நாங்கள் பார்த்த ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன். புதிதாகச் சனல் தொடங்கியவர்கள் தங்கள் வீடியோ ஒன்றை வைத்துக்கொண்டு கூடவே செய்து பார்க்கலாம்.

முதலில் ஒரு கிழமை பொறுங்கள்

வீடியோ போட்ட அன்றிரவே எண்களைத் திறந்து பார்ப்பதில் பயன் இல்லை. சப்ஸ்கிரைபர் கணக்கை யூடியூப் சரிபார்த்த பிறகுதான் அனலிட்டிக்ஸில் காட்டும். அதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் பிடிக்கும். சனல் பக்கத்தில் தெரியும் மொத்த எண்ணும் அனலிட்டிக்ஸில் உள்ள எண்ணும் அந்த இடைவெளியில் ஒத்துப்போகா. அதைக் கண்டு குழம்ப வேண்டாம். நான் எப்போதும் வீடியோ போட்டதிலிருந்து ஏழு நாளை எடுப்பேன். அந்த ஏழு நாளின் கணக்கை ஒன்பதாம், பத்தாம் நாள் திறந்து பார்ப்பேன். பழைய வீடியோக்களோடு ஒப்பிடும்போதும் ஒவ்வொன்றுக்கும் அதன் முதல் ஏழு நாளைத்தான் எடுக்க வேண்டும். ஆறு மாதம் ஓடிய வீடியோவையும் ஒரு கிழமை ஓடிய வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

போனில் உள்ள ஸ்டூடியோ செயலி இந்த வேலைக்குப் போதாது. கணினி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போனிலேயே குரோமில் studio.youtube.com போய், மெனுவில் Desktop site என்பதைத் தெரிவு செய்யுங்கள். எழுத்துச் சிறிதாகத் தெரியும், ஆனால் வேலை நடக்கும்.

கழித்து வந்த எண்ணை நம்ப வேண்டாம்

தம்பி சொன்ன "பதினைந்து பேர் குறைந்தார்கள்" என்பது உண்மையில் பதினைந்து பேர் போன கதை அல்ல. வீடியோவின் முதல் பக்கத்தில் Subscribers என்று காட்டும் எண், வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்து வந்த மிச்சம். அவனுடைய வீடியோவில் −15 என்று நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் 27 பேர் வந்திருந்தார்கள், 42 பேர் போயிருந்தார்கள். இரண்டும் இரண்டு வேறு செய்திகள்.

பிரித்துப் பார்க்கும் வழி இதுதான். அந்த வீடியோவின் Analytics பக்கத்துக்குப் போய் Advanced mode என்பதைத் திறவுங்கள். சில இடங்களில் அதே பக்கத்துக்கு See more என்ற பொத்தானும் கூட்டிப்போகும். மேலே நாள் எல்லையை வீடியோவின் முதல் ஏழு நாளாக மாற்றுங்கள். அட்டவணையில் புதிய நிரல் சேர்க்கும் இடத்தில் Subscribers gained, Subscribers lost இரண்டையும் சேருங்கள். இனி இந்த இரண்டாவது நிரலைத்தான் கவனிக்கப் போகிறோம்.

ஆனால் 42 என்ற எண்ணும் தனியே ஒன்றும் சொல்லாது. நிறையப் பேர் பார்த்த வீடியோவில் நிறையப் பேர் விலகுவது இயல்பு. அதனால் எதனோடாவது வகுக்க வேண்டும். பலர் இந்த இடத்தில் மொத்தப் பார்வையால் வகுக்கிறார்கள். அது சரியில்லை. சப்ஸ்கிரைப் செய்யாதவர் விலக முடியாது அல்லவா? ஏற்கெனவே சப்ஸ்கிரைபராக இருந்தவர்களின் பார்வையால் வகுப்பதுதான் பொருத்தம். அதே Advanced mode பக்கத்தில் Subscription status என்ற பிரிப்பைத் தெரிவு செய்தால் Subscribed, Not subscribed என்று பார்வைகள் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

```
Subscribers lost ÷ Views (Subscribed) × 1000
```

தம்பியின் வீடியோவை ஏழு நாளில் 3,000 தடவை பார்த்திருந்தார்கள். அதில் 1,200 சப்ஸ்கிரைபர்களின் பார்வை. 42ஐ 1,200ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 35. அதாவது சப்ஸ்கிரைபர்கள் ஆயிரம் தடவை பார்த்ததற்கு 35 பேர் விலகியிருக்கிறார்கள்.

35 கூடவா, குறைவா? அதற்கு உலகப் பொதுவான அளவு ஒன்றைத் தேட வேண்டாம். உங்கள் சனலின் வழக்கம்தான் அளவுகோல். இதற்கு முன் போட்ட பத்து நீள வீடியோக்களுக்கும் இதே கணக்கைச் செய்து, பத்து விடையையும் சிறிதிலிருந்து பெரிதாக எழுதி, நடுவில் வரும் இரண்டையும் கூட்டிப் பாதியை எடுங்கள். ஷோர்ட்ஸை இதில் கலக்க வேண்டாம், அதன் போக்கே வேறு. தம்பியின் சனலில் நடு எண் 4 வந்தது. அப்படியானால் 1,200 பார்வைக்கு 5 பேர் அளவில் போவது வழக்கம். போனது 42.

சிறிய சனல்களில் இன்னொரு சங்கடம் உண்டு. 5 பேர் போக வேண்டிய இடத்தில் 8 பேர் போனால் அது வீடியோவின் குற்றமா, தற்செயலா? இதற்கு நான் வைத்திருக்கும் ஒரு கைக்கணக்கைச் சொல்கிறேன். வழக்கமாகப் போக வேண்டிய எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து, இரண்டால் பெருக்கி, அந்த எண்ணோடு கூட்டுங்கள். 5இன் வர்க்கமூலம் 2.2 அளவில். இரட்டித்தால் ஏறக்குறைய நாலரை. 5ஓடு கூட்டினால் ஒன்பதரை. 9 பேர் வரைக்கும் போனால் பேசாமல் விட்டுவிடலாம். அதற்கு மேலே போனால்தான் காரணம் தேட வேண்டும். 42 என்பது சந்தேகமில்லாமல் காரணம் தேட வேண்டிய எண்.

அந்த வீடியோவின் கணக்கில் விழாதவர்கள்

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத விடயம் ஒன்று இங்கே இருக்கிறது. ஒருவர் வீடியோ ஓடும் பக்கத்திலேயே விலகினால்தான் அது அந்த வீடியோவின் Subscribers lost கணக்கில் சேரும். வீடியோவைப் பார்த்து வெறுத்துப்போய், சனல் பக்கத்துக்குப் போய் விலகினவர் இதில் இல்லை. தலைப்பை மட்டும் கண்டு "இது நமக்கில்லை" என்று தன் சப்ஸ்கிரிப்ஷன் பட்டியலில் போய் நீக்கினவரும் இல்லை. அவர்களையும் பிடிக்க வேண்டுமென்றால் முழுச் சனலின் நாள்வாரிக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சனலின் Analytics பக்கத்தில் Advanced mode போய், அதே ஏழு நாளுக்கு Subscribers lost எவ்வளவு என்று பாருங்கள். தம்பியின் சனலில் 86 என்றிருந்தது. சாதாரணக் கிழமையில் 20 பேர் அளவில்தான் போவார்கள். இப்போது Subscription source என்ற பிரிப்பை எடுங்கள். அதில் Closed accounts என்று ஒரு வரி வரும். கணக்கையே மூடிவிட்டவர்கள், யூடியூப் நீக்கிய கணக்குகள் எல்லாம் அதில் அடங்கும். அவர்கள் உங்களை வெறுத்துப் போனவர்கள் இல்லை. அந்த வரியில் 4 இருந்தது. 86இலிருந்து அந்த 4ஐயும், வீடியோப் பக்கத்தில் போன 42ஐயும் கழித்தால் 40. அதில் வழக்கமான 20 போக, இன்னும் 20 பேர் இந்த வீடியோவின் பேரில் வேறு வழியால் போயிருக்கலாம். ஆக 42க்கும் 62க்கும் இடையில் எங்கோ உண்மை இருக்கிறது. இதைவிடத் துல்லியமாக அறிய வழி இல்லை. போனவரின் பெயரை யூடியூப் காட்டவே காட்டாது. அண்மையில் வந்தவர்களின் பட்டியல்தான் உண்டு, அதுவும் தங்கள் சப்ஸ்கிரிப்ஷனை வெளியே தெரியும்படி வைத்திருப்பவர்கள் மட்டும்.

நாள்வாரிக் கணக்கைப் பார்க்கும்போது நேரத்தில் ஏமாந்துவிட வேண்டாம். அனலிட்டிக்ஸில் ஒரு நாள் என்பது நம்முடைய நாள் இல்லை, அமெரிக்காவின் பசிபிக் நேரப்படியான நாள். நம்மவர்களுக்கு அது பனிக்காலத்தில் பின்னேரம் 1.30க்கும், அங்கே கோடை நேரம் நடக்கும் மாதங்களில் மத்தியானம் 12.30க்கும் தொடங்கும். தம்பி வெள்ளி மாலை 6 மணிக்குப் போட்டான். அது அவர்களுக்கும் வெள்ளிதான். சனி காலை நாம் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் விலகினவரும் வரைபடத்தில் வெள்ளியில்தான் விழுவார். இதுவே வெள்ளி காலை 9 மணிக்குப் போட்டிருந்தால் வரைபடத்தில் வியாழனில் கிடக்கும். "வீடியோ போடுறதுக்கு முதல் நாளே ஆக்கள் போயிருக்கினமே" என்று ஒருவர் என்னிடம் வாதாடியதற்குக் காரணம் இதுதான்.

அதே நாட்களில் வேறு வீடியோவோ ஷோர்ட்டோ போட்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மூன்று போட்டுவிட்டு, ஆட்கள் போனதற்கு நடு வீடியோவைக் குறை சொல்ல முடியாது. அறிவித்தல் மேல் அறிவித்தல் வந்து சலித்துப்போய் விலகியிருப்பார்கள். தம்பி அந்தக் கிழமை இதை ஒன்றுதான் போட்டிருந்தான்.

எந்த ஊர்க்காரர் போனார்கள்

இதுதான் எங்களுக்குக் கதவைத் திறந்தது. வன்னியில் இருந்து நடக்கும் சனல்களுக்கு இரண்டு விதமான ஆட்கள் உண்டு. வயலிலும் தோட்டத்திலும் நின்றுகொண்டு பார்க்கிறவர்கள் ஒரு பகுதி. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு ஊர்முகம் பார்க்க வருகிறவர்கள் மறு பகுதி. இரண்டு பேருமே நம்முடைய ஆட்கள்தான், ஆனால் தேடி வருவது வேறு வேறு. எல்லோரையும் சேர்த்து ஒரே எண்ணாகப் பார்த்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

வீடியோவின் Advanced mode பக்கத்தில் Geography என்ற பிரிப்பை எடுத்தோம். போன 42 பேரும் இப்படி நின்றார்கள்: கனடா 14, பிரித்தானியா 8, பிரான்ஸ் 7, சுவிஸ் 4, மற்ற நாடுகள் 4, இலங்கை 5. வந்த 27 பேரையும் பார்த்தோம். அதில் 22 பேர் இலங்கை.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்கட ஆக்கள் போகேல்லையா?" என்று கேட்டான்.

போகவில்லை என்பதைக் கணக்கிலும் உறுதிப்படுத்தினோம். வடிகட்டும் இடத்தில் Subscription status என்பதை Subscribed என்று வைத்து, நாடுவாரியாகப் பார்வையை எடுத்தோம். சப்ஸ்கிரைபர் பார்வை 1,200இல் இலங்கை 700, வெளிநாடு 500. இலங்கையில் 700க்கு 5 பேர். வழக்கப்படி 3 பேர் போயிருக்க வேண்டும், முன்பு சொன்ன கைக்கணக்கின்படி 5 என்பது தற்செயலுக்குள் அடங்கும். வெளிநாட்டில் 500க்கு 37 பேர். ஆயிரத்துக்கு 74. பிரச்சினை முழுவதும் அந்தப் பக்கத்தில்தான்.

சராசரியாகப் பார்த்த நேரமும் அதையே சொன்னது. Average view duration என்ற நிரலைச் சேர்த்தபோது இலங்கையில் 8 நிமிடம், கனடாவில் 1 நிமிடம் 10 விநாடி. வீடியோவின் நீளம் 17 நிமிடம். விவசாய வீடியோவுக்கு 8 நிமிடம் என்பது அந்தச் சனலில் அதுவரை வந்த எண்களில் மிக நல்லது. பூச்சி வீடியோ பிடிக்கவில்லை என்று அவன் நினைத்தது நேர்மாறான முடிவு. யாருக்காகச் செய்தானோ அவர்கள் முன்னெப்போதையும்விடக் கூட நேரம் இருந்து பார்த்திருக்கிறார்கள்.

சரி, அவர்கள் எங்கே இருந்து வந்தவர்கள்

ஒருவர் விலகுகிறார் என்றால் அவர் எதையோ எதிர்பார்த்து முன்பு ஒரு நாள் சேர்ந்திருக்கிறார். அந்த எதிர்பார்ப்பு எங்கே உண்டானது என்று தேடிப் பார்க்க வேண்டும். சனலின் Advanced mode பக்கத்தில் Content பிரிவுக்குப் போய், முந்தைய மூன்று மாதத்தை வைத்து, Subscribers gained நிரலைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குங்கள். எந்த வீடியோ ஆட்களைக் கூட்டி வந்தது என்று மேலேயே தெரியும்.

தம்பியின் பட்டியலில் முதலாவதாக நின்றது மார்கழியில் போட்ட ஒரு ஷோர்ட். மழை விடாமல் பெய்து இரணைமடுவின் வான்கதவுகள் திறந்த அன்று, தண்ணீர் நுரைத்துப் பாய்வதை 40 விநாடி எடுத்துப் போட்டிருந்தான். பேச்சு ஒன்றும் இல்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும். அதைப் பல இலட்சம் தடவை பார்த்துவிட்டார்கள். 4,200 பேர் இருந்த சனலுக்கு அந்த ஒன்றினால் மட்டும் 1,600 பேர் வந்தார்கள். நாடுவாரியாகப் பார்த்தால் அதில் இலங்கை 350 பேர்தான்.

இப்போது கதை விளங்குகிறது. அந்தப் பெரும்பாலானோர் சேர்ந்தது ஒரு குளத்துக்காக. பிறந்த ஊரின் குளம் வான் பாய்வதைக் கண்டு கண் கலங்கிச் சேர்ந்தவர்கள். பிறகு அவர்கள் திறந்த நீள வீடியோவில் பூச்சி மொய்த்த நெல்லும் மருந்துத் தாங்கியும். போனதில் என்ன வியப்பு? அவர்களில் இன்னாரின்னார் போனார்கள் என்று நேராகக் காட்ட முடியாது என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். வந்தவர்களின் நாடும் போனவர்களின் நாடும் ஒத்துப்போவதை வைத்துத்தான் இப்படி ஊகிக்கிறோம். ஆனால் இது வலுவான ஊகம்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. ஷோர்ட்டுக்குப் பிறகு இடையில் அவன் உரம் போடுவது பற்றியும் ஒரு நீள வீடியோ போட்டிருந்தான். அதற்கு இப்படி ஆட்கள் போகவில்லையே, ஏன்?

தலைப்பு யாரைக் கூப்பிட்டது

வீடியோவைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தோம். உர வீடியோவின் தலைப்பில் உரம் என்றே இருந்தது. வெளிநாட்டில் இருந்தவர்கள் அதைத் திறக்கவே இல்லை, திறக்காததால் விலகவும் இல்லை. அறக்கொட்டி வீடியோவுக்கு அவன் வைத்த தலைப்பு: "எங்கட வயலுக்கு என்ன நடந்தது?" முகப்புப் படத்தில் பின்னால் குளக்கட்டும் பச்சை வயலும், முன்னால் கவலையோடு அவன் முகம். முதல் 25 விநாடி டிரோனில் எடுத்த குளக்காட்சி, மார்கழி ஷோர்ட்டில் வந்த அதே தண்ணீர்.

தம்பி இதை ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. அழகாக இருக்கட்டும் என்று போட்டான். ஆனால் அந்தத் தலைப்பும் படமும் கூப்பிட்டது குளத்தைப் பார்க்க வந்தவர்களை. வெள்ளத்தில் வயல் அழிந்துவிட்டதோ என்று பதறித் திறந்திருப்பார்கள். அதை Key moments for audience retention வரைபடம் காட்டிக்கொடுத்தது. முதல் 25 விநாடி கோடு கிட்டத்தட்டச் சமமாகப் போகிறது. குளம் முடிந்து, அவன் குனிந்து நெற்புதரைப் பிரிக்கும் இடத்தில் கோடு சடாரென்று விழுகிறது. அதற்குப் பிறகு 12ஆம் நிமிடம் வரை மெதுவாக மட்டுமே இறங்குகிறது. விழுந்த இடம் குளக்காரர் எழுந்துபோன இடம். மிச்சம் இருந்தது வயற்காரர்.

அந்த வரைபடத்தைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள். உள்ளடக்கம் மோசமாக இருந்தால் கோடு நெடுகலும் ஒரே சரிவாக இறங்கும், அல்லது நடுவில் அலுப்புத் தட்டும் இடங்களில் விழும். கூப்பிட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் தொடக்கத்தில் ஒரே ஒரு பெரிய விழுதல் இருக்கும், அதற்குப் பிறகு கோடு தாங்கும். இரண்டையும் ஒன்றென்று எண்ணி வீடியோவையே கைவிடுவதுதான் பலர் செய்யும் பிழை.

திருத்தியதும் அதைச் சரிபார்த்ததும்

பூச்சி வீடியோவை நிறுத்த வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. தலைப்பை "நெல்லில் அறக்கொட்டி: கருகுவதற்கு முன் கண்டுபிடிப்பது எப்படி" என்று மாற்றினான். முகப்புப் படத்தில் குளத்தை எடுத்துவிட்டு, பிரித்த நெற்புதரின் அடியைப் போட்டான். போனவர்கள் திரும்பி வரப்போவதில்லை, அதற்காகச் செய்யவில்லை. அடுத்த காலபோகத்தில் தேடுகிறவர் கையில் அது சரியாகக் கிடைக்கட்டும் என்பதற்காக.

சரிபார்ப்பு அடுத்த வீடியோவில்தான் நடக்க வேண்டும். மாசியில் அருவி வெட்டு தொடங்கியதும், வெட்டு மெசினில் நெல் சிந்திப் போவதைக் குறைப்பது பற்றி 14 நிமிட வீடியோ செய்தான். தலைப்பில் அதையே எழுதினான், முதல் விநாடியிலேயே மெசினைக் காட்டினான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பதால் பேச்சு, போடும் நேரம் எல்லாம் முன்பு போலவே. ஏழு நாளில் சப்ஸ்கிரைபர் பார்வை 900, போனவர்கள் 5. ஆயிரத்துக்கு ஐந்தரை. வழக்கத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. வெளிநாட்டுப் பார்வை குறைந்ததால் மொத்தப் பார்வையும் 3,000இலிருந்து 2,300க்கு இறங்கியது. தம்பிக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம். என்னைக் கேட்டால் அது நல்ல இறக்கம். ஒரு நிமிடத்தில் எழுந்து போகிறவர்களின் பார்வைதான் குறைந்திருக்கிறது.

இதற்கு எதிர்மாறான ஒரு வீடியோ

எண் நன்றாகத் தெரியும்போதும் உள்ளே பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னொன்றைச் சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டில் இதே தம்பி, புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு குடும்பத்துக்குச் சாமான் கொடுப்பதை வீடியோவாகப் போட்டிருந்தான். வெளிநாட்டிலிருந்து ஒருவர் அனுப்பிய காசு. வீடியோவில் +140 என்று நின்றது. நல்ல வளர்ச்சி என்று நினைத்து அதோடு விட்டுவிட்டான்.

அன்று இருந்த இடத்திலேயே அதையும் பிரித்துப் பார்த்தோம். வந்தது 178, போனது 38. போன 38 பேரில் 31 பேர் இலங்கை. இலங்கைச் சப்ஸ்கிரைபர் பார்வை 600தான். ஆயிரத்துக்கு 50க்கும் மேலே. தொடக்கத்தில் கோடு விழவில்லை. அந்தத் தாய் அழும் இடத்தில் கமரா கிட்டப் போகிறது, அங்கேதான் விழுகிறது. தலைப்பில் பிழை இல்லை, சொன்னதைத்தான் காட்டியிருக்கிறான். இங்கே பொருந்தாமல் போனது வீடியோவேதான். பக்கத்து ஊரில், தெரிந்த முகத்தை, அழுகையோடு பார்க்க இங்கே இருக்கிறவர்கள் விரும்பவில்லை. விவசாயம் பார்க்கச் சேர்ந்தவர்கள் பேசாமல் விலகிப் போயிருக்கிறார்கள். கருத்துப் பகுதியில் எவரும் ஒன்றும் எழுதவில்லை. அங்கே நிரம்பிக் கிடந்ததெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த வாழ்த்துகள்.

அந்த வீடியோவைத் தம்பி தனிப்பட்டதாக மாற்றிவிட்டான். உதவி வந்தால் இப்போதும் கொண்டுபோய்க் கொடுக்கிறான், கமரா இல்லாமல். குளம் பார்க்க வந்தவர்களுக்கு மாதம் ஒரு முறை இரணைமடுவுக்கோ முத்தையன்கட்டுக்கோ போய் ஒரு வீடியோ போடுகிறான், தலைப்பிலேயே குளத்தின் பெயர் இருக்கும். கொப்பி ஒன்றில் ஒவ்வொரு வீடியோவுக்கும் நாலு எண் எழுதுகிறான்: சப்ஸ்கிரைபர் பார்வை, போனவர், அதில் இலங்கை, அதில் வெளிநாடு. கடைசியாக நான் பார்த்தபோது சிறுபோகத்துக்கு வாய்க்கால் தண்ணீர் விடுவது பற்றிய வீடியோவுக்கு நேரே 1,050, 4, 3, 1 என்று எழுதியிருந்தான்.